வரிசை எண்ணில் இல்லை, கோட்டில் இருக்கிறது: டிராயர் அலமாரி பூட்டுவது பற்றி

கேள்வி: ஆன்லைனில் மூன்று டிராயர் வைத்த அலமாரி ஒன்று வாங்கினேன். கூட வந்தது ஒரே ஒரு தாள். எல்லாப் பலகையும் அந்தரத்தில் தொங்குவது போல ஒரு படம், வட்டத்துக்குள் எண்கள், புள்ளிக்கோடுகள், அவ்வளவுதான். முதலில் இது, அடுத்து அது என்று எங்கேயும் இல்லை. 1-லிருந்து ஆரம்பித்து எண் வரிசையிலேயே பூட்டினேன். மூன்று மணி நேரம் கழித்துப் பின்பலகையை நுழைக்க வழியே இல்லை. அதற்கான மெல்லிய பள்ளம் மேலே, கீழே, இரண்டு பக்கமும் என நான்கு பலகையிலும் ஓடுகிறது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி வைத்திருக்கிறேன். அந்தப் படத்திலிருந்து வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் அந்த எண்களை மறந்துவிடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் எண் அந்தப் பலகையின் பெயர் மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் பட்டியலோடு பொருத்திப் பார்ப்பதற்காகப் போட்டது. பல தாள்களில் மேல் பலகைக்குத்தான் 1 என்று போட்டிருப்பார்கள், படத்தில் அது மேலே இருக்கிறது என்பதால். ஆனால் பூட்டும்போது அது கிட்டத்தட்டக் கடைசியில் வர வேண்டிய பலகை. நீங்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

வரிசையை அந்தப் புள்ளிக்கோடுகள் சொல்கின்றன. ஒவ்வொரு பலகையும் தன் இடத்துக்கு எந்தத் திசையிலிருந்து வந்து சேர்கிறது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. அதனால் ஒவ்வொரு பலகையையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது எந்தப் பக்கமிருந்து நுழைகிறது? அந்த வழியை வேறு எந்தப் பலகை வந்து அடைக்கிறது? அடைக்கிற பலகை பிறகு, நுழைகிற பலகை முன்பு. பென்சிலை எடுத்துக்கொண்டு தாளிலேயே "7-க்குப் பிறகுதான் 1" என்கிற மாதிரி எழுதிக்கொண்டே போனால், ஐந்தாறு வரியில் முழு வரிசையும் கிடைத்துவிடும். நான் இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். இன்றைக்கும் பழக்கமில்லாத மாடல் வந்தால், பெட்டியைப் பிரித்த கையோடு ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை, பென்சிலைத்தான் எடுக்கிறேன்.

படத்தை வாசிக்கும்போது முதலில் முன்பக்கம் எது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் அலமாரியில் இது சுலபம். டிராயர்கள் எந்தப் பக்கமாக வெளியே இழுத்து வரையப்பட்டிருக்கின்றனவோ அதுதான் முன்பக்கம். பெரும்பாலும் முன்பக்கத்து மேல்மூலை ஒன்றிலிருந்து பார்ப்பது போலத்தான் வரைந்திருப்பார்கள். அதனால் மேல் பலகையின் மேற்புறம் தெரியும், ஒரு பக்கப் பலகையின் வெளிப்புறம் தெரியும், இன்னொரு பக்கப் பலகையின் உட்புறம் தெரியும். வெளிப்புறம் மட்டுமே தெரிகிற பலகையில்தான் ஆள் ஏமாறுவது. அதன் உட்புறத்தில் இருக்கிற ஓட்டைகளைப் படத்தில் காட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது விட்டுவிட்டு ஓடும் மெல்லிய கோட்டால் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருக்கும் பலகையில் அந்த இடத்தில் ஓட்டையைக் காணோம் என்று தேடுவார்கள். இருக்கிறது, மறுபக்கத்தில்.

கோடு சில இடங்களில் திடீரென்று படிக்கட்டு போல வளைந்து போகும். பலகை அப்படி வளைந்து நகர வேண்டும் என்று அர்த்தமில்லை. தாளில் இடம் போதாமல் அந்த உறுப்பை ஓரமாகத் தள்ளி வரைந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்தக் கோட்டின் கடைசித் துண்டை, அதாவது ஓட்டையைத் தொடுகிற துண்டை மட்டும் பாருங்கள். நுழையும் திசை அதில்தான் இருக்கிறது. பலகைகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியும் எந்த அளவையும் குறிப்பதில்லை. தள்ளி வரைந்தது கடைசியில் வரும் என்றோ, ஒட்டி வரைந்தது முதலில் வரும் என்றோ நினைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் எட்ஜ் பேண்ட். பார்ட்டிகிள் போர்டின் வெட்டுவாயை மறைக்க ஒட்டியிருக்கும் பட்டை. படத்தில் இதைக் காட்டவே மாட்டார்கள், ஆனால் பலகையில் கண்கூடாகத் தெரியும். பட்டை ஒட்டிய விளிம்பு வெளியே தெரியப் போகிற விளிம்பு. பட்டை ஒட்டாமல், தவிடு போல உள்ளே தெரிகிற விளிம்பு, இன்னொரு பலகையோடு ஒட்டப் போகிறது அல்லது பின்னால் சுவரைப் பார்க்கப் போகிறது. பக்கப் பலகைகள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். இரண்டையும் உட்புறம் மேலே தெரிய, திறந்த புத்தகம் போலத் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். காடி, அதாவது நீங்கள் பள்ளம் என்று சொன்னது, இரண்டிலும் நடுவில் சேருகிற ஓரத்துக்குப் பக்கத்தில் ஓட வேண்டும். பட்டை ஒட்டிய விளிம்பு இரண்டிலும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் தலை எது, கால் எது என்பதும் தெரிந்துவிடும். கீழ்ப் பலகை தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி உட்காரும் என்பதால், அதற்கான ஓட்டைகள் கால்பக்கத்து விளிம்பிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே இருக்கும்.

இனி பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் மினிஃபிக்ஸ். வரிசையைத் தீர்மானிப்பதில் பாதி இதன் கையில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதில் இரண்டு துண்டு. ஒன்று போல்ட், ஒரு பலகையின் முகத்தில் திருகி நிற்க வைப்பது. மற்றொன்று கேம், பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான உலோகத் துண்டு, அடுத்த பலகையில் குடைந்திருக்கும் குழியில் உட்காரும். போல்டின் தலை அடுத்த பலகையின் விளிம்பில் இருக்கும் ஓட்டை வழியாகப் போய் கேமுக்குள் நுழைகிறது. கேமைத் திருப்பினால் அது தலையைக் கவ்வி இழுக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் நேராக மட்டும்தான் அந்தப் பலகைகள் ஒன்றோடொன்று சேர முடியும். பக்கவாட்டில் நழுவிச் சேராது, சாய்த்து நுழைக்கவும் முடியாது. இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே நிற்கிற எந்தப் பலகையும், இரு முனையிலும் போல்ட் வாங்குவதால், பக்கப் பலகை ஒன்று விலகியிருக்கும்போது மட்டுமே உள்ளே போகும். ஆக, நடுவில் நிற்பவை எல்லாம் ஒரு பக்கப் பலகையின் மேல் நின்ற பிறகுதான், இன்னொரு பக்கப் பலகை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூட வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் மறுபடி திறக்க வேண்டியதுதான். டவல் குச்சிகளுக்கும், அதாவது இரண்டு பலகையின் ஓட்டைகளிலும் நுழைந்து நிற்கும் சின்ன மரக் குச்சிகளுக்கும், இதே கதைதான்.

மேல் பலகை வேறு மாதிரி. அதன் அடிப்புறத்தில் போல்ட் இருக்கும், அது பக்கப் பலகைகளின் மேல் விளிம்புக்குள் இறங்கும். கோடு செங்குத்தாக ஓடும். அதாவது பக்கப் பலகைகள் நின்ற பிறகு மேலேயிருந்து நேராக இறங்கும் பலகை அது.

சரி, உங்கள் அலமாரிக்கு வருவோம். படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த அளவு அலமாரிகள் பெரும்பாலும் ஒரே சட்டகத்தில்தான் வருகின்றன, அதை வைத்துச் சொல்கிறேன். எண்கள் உங்கள் தாளில் மாறியிருந்தால் பெயரைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். 1 மேல் பலகை, 2 இடது பக்கம், 3 வலது பக்கம், 4 கீழ்ப் பலகை, 5 மேலே முன்பக்கத்தில் குறுக்கே ஓடும் பட்டை, 6 கீழ்ப் பலகைக்கு அடியில் முன்னால் நிற்கும் பாதப்பட்டை, 7 பின்பலகை. டிராயருக்கு 8 முகப்பு, 9-ம் 10-ம் பக்கங்கள், 11 பின்துண்டு, 12 அடிப்பலகை. இவை மூன்று செட்.

இப்போது பென்சில் வேலை. 4, 5, 6 மூன்றுக்கும் கோடு இடமும் வலமுமாக ஓடுகிறது. ஆக அவை 2-ன் மேல் நிற்கும், 3 வந்து மூடும். 1-க்கு மேலிருந்து கீழே. ஆக 2-ம் 3-ம் நின்ற பிறகு. 7-க்கு? இங்கேதான் கோட்டை மட்டும் நம்ப முடியாது. பல தாள்களில் பின்பலகையைப் பின்னால் தள்ளி வரைந்து, அங்கிருந்து முன்னால் வருவது போலக் கோடு போட்டுவிடுவார்கள். ஆணி அடிக்கிற பின்பலகைக்கு அது சரி. காடியில் உட்காருகிற பின்பலகை பின்னாலிருந்து வரவே முடியாது. காடியின் நீளவாக்கில்தான் நழுவி வரும். பலகையும் படமும் முரண்பட்டால் பலகையை நம்புங்கள்.

காடி நான்கு பக்கமும் இருக்கிறது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் 7-ஐ நான்கு பலகைகள் சுற்றிலும் சிறைபிடிக்கின்றன. கீழ்ப் பலகையும் இரு பக்கங்களும் சேர்ந்து நின்ற பிறகு, மேல் பலகை வருவதற்கு முன், மேலே திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அதற்கு வழி. மேலிருந்து இரு பக்கக் காடிகளிலும் சேர்த்து நுழைத்துக் கீழே தள்ளினால், அடிவிளிம்பு கீழ்ப் பலகையின் காடியில் போய் உட்காரும். பிறகு 1 மேலிருந்து இறங்கி அதன் தலையைத் தன் காடியில் வாங்கிக்கொள்ளும். தாளில் எழுத வேண்டியது: 3-க்குப் பிறகு 7, 7-க்குப் பிறகு 1.

சில மாடல்களில் கீழ்ப் பலகை கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கும். உதாரணமாகப் பக்கப் பலகையின் ஆழம் 400 மில்லிமீட்டர், பின்விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் விட்டு 4 மில்லிமீட்டர் அகலத்தில் காடி ஓடுகிறது என்று வையுங்கள். காடிக்கு முன்னால் மிச்சமிருப்பது 386. கீழ்ப் பலகையின் ஆழம் 385 என்றால் அது காடியை எட்டாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. அந்த மாடலில் மேல் பலகையை மாட்டிய பிறகும் பின்பலகையை அடியிலிருந்து மேலே தள்ளி, கீழ்ப் பலகையின் பின்விளிம்பில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தலாம். கீழ்ப் பலகையைப் பக்கப் பலகையின் மேல் வைத்து அகலத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலே இது எந்த வகை என்று தெரிந்துவிடும். டேப் கூட வேண்டாம். உங்களுடையது சிறைபிடிக்கிற வகை.

ஆரம்பிப்பதற்கு முன் போல்ட்களை எண்ணிவிடுங்கள். எண்ணிக்கையும் படத்தின் ஒரு பகுதிதான். பையில் இரண்டு நீளத்தில் போல்ட் இருந்து, எது எங்கே என்று படத்தில் தெளிவில்லாமல் இருப்பது சாதாரணம். ஓட்டைகளைக் கணக்குப் போடுங்கள். கீழ்ப் பலகைக்கு முனைக்கு இரண்டு வீதம் 4, முன்பட்டைக்கு முனைக்கு ஒன்றாக 2, பாதப்பட்டைக்கு 2, மேல் பலகைக்கு 4, மொத்தம் 12. டிராயர் முகப்புக்குப் பக்கத்துக்கு ஒன்று வீதம் 2, மூன்று டிராயருக்கு 6. பையில் நீளமானது 12, குட்டையானது 6 என்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மெல்லிய டிராயர் பலகையில் நீளமான போல்டைத் திருகி, முகப்பின் வெளியே முனை எட்டிப்பார்த்த கதை எனக்கே நடந்திருக்கிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எண்ணாமல் ஒரு போல்டும் திருகுவதில்லை.

பலகைகளைச் சேர்க்கும் முன், அவை தரையில் படுத்திருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை உண்டு. 2, 3 இரண்டின் உட்புறத்திலும் போல்ட்களைத் திருகுங்கள். போல்டின் கழுத்தில் இருக்கும் விளிம்பு பலகையின் முகத்தைத் தொடும் வரை போக வேண்டும், தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் போர்டு உள்ளே தூளாகிவிடும். டிராயர் ஓடுவதற்கான தகடுகளான சேனல்களையும் இப்போதே பூட்டிவிடுங்கள். அலமாரி நின்ற பிறகு உள்ளே தலையை விட்டுச் சேனல் ஸ்க்ரூ போடுவது, பேருந்து சீட்டுக்கு அடியில் விழுந்த சில்லறையைத் தேடுவது மாதிரி.

உங்களுடையது வெள்ளை நிறத் தகட்டில் சின்ன பிளாஸ்டிக் உருளை வைத்த சேனல் என்றால், தகட்டில் சி.எல்., சி.ஆர்., டி.எல்., டி.ஆர். என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து சி என்றால் அலமாரியில், டி என்றால் டிராயரில்; இரண்டாம் எழுத்து இடமா வலமா என்பது. அலமாரியில் வரும் தகட்டின் உருளை முன்பக்கமும், டிராயரில் வரும் தகட்டின் உருளை பின்பக்கமும் இருக்க வேண்டும். படத்தில் இவ்வளவு சின்ன விஷயம் தெரியாது.

டவல் குச்சியை எந்தப் பலகையில் முதலில் அடிப்பது என்றும் பலர் கேட்பார்கள். விளிம்பில் இருக்கும் ஓட்டையில் அடியுங்கள். 16 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின் முகத்தில் துளைத்த ஓட்டை மறுபக்கம் வந்துவிடக் கூடாது என்பதால், அதன் ஆழம் 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. விளிம்பு ஓட்டைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆழமாக இருக்கும். 30 மில்லிமீட்டர் குச்சியை விளிம்பில் அடி வரை தட்டினால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நிற்கும், அதுதான் முகத்து ஓட்டைக்குச் சரியான அளவு. அதைவிட நீளமாக நின்றால் இரண்டு பலகையும் சேராமல் நடுவில் கோடு போல இடைவெளி தெரியும். நிறையப் பேர் அந்த இடைவெளியைக் கேமை முறுக்கி மூடப் பார்த்து, கேமை உடைப்பார்கள்.

இனி பூட்டுவது. 2-ஐ உட்புறம் மேலே பார்க்கத் தரையில் கிடத்துங்கள். கீழே பழைய போர்வை ஒன்று. 4, 5, 6-ல் கேம்களைப் போடுங்கள். கேமின் முகத்தில் ஒரு அம்புக்குறியோ சின்ன வெட்டோ இருக்கும். அது பலகையின் விளிம்பில் உள்ள ஓட்டையைப் பார்த்து இருக்க வேண்டும். போல்டின் தலை நுழைய வேண்டிய வாய் அதுதான். திருப்பி வைத்தால் தலை கேமின் முதுகில் முட்டும். பிறகு மூன்று பலகையையும் 2-ன் போல்ட்களின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். எட்ஜ் பேண்ட் ஒட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே பக்கம், அலமாரியின் முன்பக்கம், பார்க்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். 4-ன் காடி 2-ன் காடியோடு மூலையில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் 4 தலைகீழாகவோ முன்பின்னாகவோ இருக்கிறது. கேம் குழிகள் 4-ன் அடிப்புறம் இருக்க வேண்டும், அதாவது பாதப்பட்டை நிற்கிற பக்கம். அவை டிராயர் ஓடும் பக்கம் தெரிந்தால் கழற்றித் திருப்புங்கள். இந்தக் கட்டத்தில் திருத்த அரை நிமிஷம் போதும்.

கேமை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள். கிட்டத்தட்ட அரைச் சுற்றில் பிடிப்பு வந்து நின்றுவிட வேண்டும். எதிலும் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் போல்டின் தலை உள்ளே வந்து சேரவில்லை. பலகை முழுதாக உட்காரவில்லை அல்லது போல்ட் தேவைக்கு மேல் உள்ளே போய்விட்டது. திருப்பிய உடனேயே முட்டி நின்றால் போல்ட் போதுமான அளவு உள்ளே போகவில்லை, அல்லது கேமின் வாய் சற்றுத் திரும்பியிருக்கிறது. எப்படியானாலும் பலத்தால் தீர்க்க வேண்டாம். ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து 3. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் முகம் கீழே பார்க்க, அந்தரத்தில் பிடித்து, நிற்கிற மூன்று பலகைகளின் மேல் விளிம்புகளில் ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு முனையை முழுதாகத் தட்டிவிட்டு மறுமுனைக்குப் போனால் குச்சி முறியும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள். இங்கே ஒரு சின்னத் தந்திரம்: மேல் பலகைக்கான கேம்கள் 3-ன் உட்புறத் தலைமாட்டில் வரும். அவற்றை இப்போதே போடாதீர்கள். பலகையைக் கவிழ்க்கும்போது சத்தமில்லாமல் கீழே விழுந்து, போர்வை மடிப்புக்குள் போய்விடும்.

3 உட்கார்ந்ததும், அலமாரியை நிமிர்த்துவதற்கு முன், இந்தப் பக்கத்துக் கேம்களையும் இறுக்கிவிடுங்கள். கீழ்ப் பலகையின் கேம்கள் அதன் அடிப்புறம் இருக்கின்றன, பாதப்பட்டையின் கேம்கள் அதன் பின்புறம் இருக்கின்றன. நிமிர்த்திவிட்டால் இவை தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லாத இடத்துக்குள் போய்விடும், ஸ்க்ரூடிரைவர் நேராக நிற்காது. வரிசை என்றால் பலகை நுழையும் வழி மட்டுமல்ல, அதை இறுக்கக் கை நுழையும் வழியும் சேர்ந்ததுதான். பென்சிலால் எழுதும்போது கேம் குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது பக்கப் பலகையைப் பிடித்துச் சாய்க்காமல், கீழ்ப் பலகையோடு சேர்த்துத் தூக்குங்கள். பின்பலகை இல்லாத சட்டம் ஆடும், ஆட்டத்தில் போல்ட் பிடித்திருக்கும் இடம்தான் முதலில் தளரும். நின்றதும் 7-ஐ மேலிருந்து காடியில் இறக்குங்கள். பூச்சு உள்ள பக்கம் முன்னால். இரண்டாக மடிந்து வந்திருந்தால் முதலில் விரித்து, கூட வந்த பிளாஸ்டிக் பட்டையில் இணைத்துக்கொள்ளுங்கள். பாதியில் சிக்கினால் சட்டம் சாய்சதுரமாகச் சரிந்திருக்கிறது என்று பொருள். டேப்பை மூலைக்கு மூலை, குறுக்காக இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள். எந்த மூலைவிட்டம் நீளமோ, அந்த இரண்டு மூலைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக மெல்ல அழுத்தினால் நேராகும், பலகை தானாக இறங்கும். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள், 3 மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்காது.

இதன் பிறகு 2, 3-ன் தலைமாட்டுக் கேம்கள், வாய் மேலே பார்க்க. மேல் பலகையை இறக்கி, அதன் காடியில் 7-ன் தலை விளிம்பு நுழைகிறதா என்று பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு இறுக்குங்கள். டிராயர்கள் இன்னும் இல்லை என்பதால் உள்ளே கை தாராளமாகப் போகும்.

டிராயர்களிலும் அதே கேள்விதான், ஆனால் பதில் வேறாக இருக்கலாம். 11-ஐ, அதாவது பின்துண்டை, டிராயரின் பக்கத் துண்டோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். உயரம் குறைவாக, காடிக்கு மேலேயே நின்றுவிட்டால் நான்கு துண்டுகளையும் பூட்டிவிட்டு, அடிப்பலகையைப் பின்னாலிருந்து நழுவவிடலாம். சம உயரமாக இருந்து 11-லும் காடி இருந்தால், அடிப்பலகை சிறைபடுகிற வகை; 8, 9, 10 சேர்ந்ததும் 12-ஐ நுழைத்துவிட்டு, 11-ஐக் கடைசியில் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். முதல் டிராயரை முழுதாக முடித்து அலமாரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற இரண்டைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாகப் பூட்டினால் தவறும் மூன்றாகத்தான் வரும்.

நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை பூட்டிக் கழற்றியிருப்பதால் சில போல்ட் ஓட்டைகள் தளர்ந்திருக்கும். போல்டைத் திருகும்போது பிடிப்பு வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், தீக்குச்சியின் மருந்து முனையை ஒடித்துவிட்டு, மரப்பசை தடவி ஓட்டைக்குள் செருகி, வெளியே நிற்பதை வெட்டிவிட்டு, ஓர் இரவு காயவிட்டுத் திருகுங்கள். ஓட்டையைச் சுற்றி போர்டு உப்பியோ உதிர்ந்தோ போயிருந்தால் இது நிற்காது. அந்த இடத்தில் ஒரு சின்ன எல் தகடு வைத்து உள்பக்கமாக ஸ்க்ரூ போடுவதுதான் வழி.

படத்தில் மேல் பலகையின் பின்பக்கம், சுவரைக் காட்டும் சாய்கோடுகளோடு ஒரு பட்டையோ எல் தகடோ வரைந்திருக்கும். கடைசியில் மிஞ்சும் உறுப்பு என்று நினைத்து இதைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். டிராயர்கள் வெளியே வரும்போது எடை முழுவதும் முன்னால் வருகிறது. குழந்தை ஒன்று கீழ் டிராயரில் கால் வைத்து ஏறினால் அலமாரி அப்படியே முன்னால் சாயும். 2016-ல் அமெரிக்காவில் குழந்தைகள் இறந்த பிறகு சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இந்தத் தகடுக்கும் ஒரு வரிசை உண்டு: டிராயர்களை உள்ளே விடுவதற்கு முன். வெற்றுக்கூடு இலேசானது, சுவரோடு ஒட்டித் தள்ளி ஓட்டைக்குக் குறி போடச் சுலபம். சுவரில் ஸ்க்ரூ நின்ற பிறகு அடி டிராயரை முதலில் நுழைத்து உள்ளே தள்ளிவிட்டு, நடு டிராயர், பிறகு மேல் டிராயர் என்று போங்கள்.